ரத்து செய்தவர்களிடம் காரணம் கேட்டோம், பாதிக்குப் பாதி ‘விலை அதிகம்’ என்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

மதி_கோவை

வணக்கம். வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யும் ஆப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சின்ன நிறுவனம், வீடியோக்கள் எல்லாம் தமிழில். மாதச் சந்தா 299 ரூபாய், வருடச் சந்தா 1,999. முதல் ஏழு நாள் இலவசம்.

போன மூன்று மாதத்தில் 1,140 பேரின் சந்தா முடிந்துபோயிருக்கிறது. எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினோம்: “ஏன் ரத்து செய்தீர்கள்?” ஐந்து விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும், விருப்பம் இருந்தால் கீழே எழுதலாம். 206 பேர் பதில் சொன்னார்கள்.

விலை அதிகம்: 92
நேரமில்லை: 48
வேறு ஆப் கிடைத்தது: 21
ஆப்பில் கோளாறு: 14
மற்றவை: 31

இதைப் பார்த்ததும் முதலாளி, 299-ஐ 199 ஆக்கிவிடலாம் என்கிறார். எனக்குக் கொடுத்த வேலை, இந்தக் காரணங்களைச் சரிசெய்யக்கூடியவை, சரிசெய்ய முடியாதவை என்று பிரித்துத் தருவது. ‘விலை’ சரிசெய்யக்கூடியது, ‘நேரமில்லை’ முடியாதது என்று எழுதிக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் மனசு ஒப்பவில்லை. இந்த வேலை செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வளர்ச்சி_குமார்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ரத்து செய்யும் பக்கத்திலேயே கேள்வியைப் போடுங்கள், பதில் சொன்னால்தான் ரத்து ஆகும் என்று வையுங்கள். நூற்றுக்கு நூறு பதில் வரும். ‘விலை’ என்று தொட்டவருக்கு அங்கேயே பாதி விலை காட்டுங்கள். எங்கள் கம்பெனியில் அப்படித்தான். கணிசமான பேர் திரும்பிவிடுகிறார்கள்.

சந்தாக்கணக்கு

குமார் சொல்வதில் ஒன்று சரி: கேள்வியை ரத்து செய்யும் நேரத்திலேயே கேட்பது நல்லது. மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கே ஞாபகம் இருக்காது.

மீதி இரண்டும் ஆபத்து. பதில் சொல்லாமல் ரத்து செய்ய முடியாது என்று வைத்தால், அவசரத்தில் இருப்பவர் முதலில் கண்ணில் படும் விடையைத் தொட்டுவிட்டுப் போவார். நூறு சதவீதம் பதில் வரும், அதில் பாதி குப்பை. அதோடு, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்களில் சந்தாப் பொறி என்று ஒரு வகையே இருக்கிறது. ரத்து செய்வதைச் சுற்றிவளைத்துக் கடினமாக்குவது அதில் வரும். ‘பதில் சொல்லாமல் ரத்து செய்’ என்ற பொத்தான் அதே அளவில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பாதி விலை விஷயம் இன்னும் மோசம். ‘விலை’ என்று தொட்டால் தள்ளுபடி கிடைக்கும் என்பது நாலு பேருக்குத் தெரிந்தால் போதும், அதற்கு அப்புறம் எல்லாருக்கும் காரணம் விலைதான். காரணம் கேட்கும் இடத்தையும் பேரம் பேசும் இடத்தையும் ஒன்றாக்கினால் இரண்டும் கெடும்.

சரி, மதி கேட்டதற்கு வருகிறேன். காரணங்களைப் பிரிப்பதற்கு முன்னால் ஆட்களைப் பிரியுங்கள். 1,140 பேரும் ரத்து செய்தவர்களா, இல்லை சந்தா நின்றுபோனவர்களா? பணம் எடுக்க முடியாமல் நின்றவர்கள் இதில் கலந்திருப்பார்கள். இலவச வாரத்திலேயே நிறுத்தியவர்களும் இருப்பார்கள். பிளே ஸ்டோர் வழியாக வந்தவர்களுக்கு கூகுளிடமிருந்து இது கிடைக்கும்:

```
"canceledStateContext": {
  "userInitiatedCancellation": {
    "cancelSurveyResult": {
      "reason": "CANCEL_SURVEY_REASON_NOT_ENOUGH_USAGE"
    }
  }
}
```

`userInitiatedCancellation` என்று இருந்தால் அவராக நிறுத்தியது. `systemInitiatedCancellation` என்றால் பெரும்பாலும் பணம் வராமல் கூகுளே நிறுத்தியது. ஐபோன்காரர்களுக்கு `EXPIRED` அறிவிப்பில் `VOLUNTARY`, `BILLING_RETRY` என்று பிரிந்து வரும். ஆனால் ஏன் போனார் என்பதை ஆப்பிள் அதில் சொல்லாது. கூகுள் மட்டும் தானே ஒரு காரணம் கேட்டு வைத்துக்கொள்ளும். அதை உங்கள் 206 பதில்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஆள் அங்கே ‘அதிகம் பயன்படுத்தவில்லை’ என்றும் உங்களிடம் ‘விலை அதிகம்’ என்றும் சொல்லியிருந்தால், எப்படிப்பட்ட கணக்கை வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கப் போகிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

ராசு_ராஜபாளையம்

எனக்கும் இதே பிரச்சனைதான். ஒரு ஜிம் ஆப்பை நாலு மாசத்துக்கு முன்னாடியே போனிலிருந்து எடுத்துவிட்டேன். இன்னும் மாசாமாசம் காசு போகிறது. எப்படி ரத்து செய்வது, போன காசு திரும்ப வருமா, யாராவது சொல்லுங்கள்.

சந்தாக்கணக்கு

ராசு சார், இந்த இழை வேறு விஷயம். இருந்தாலும் சொல்கிறேன். ஆப்பை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால், ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டுச் சந்தாக்கள் பகுதிக்குப் போங்கள். யூபிஐ வழியாகக் கொடுத்திருந்தால் உங்கள் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும், அங்கேயே நிறுத்தலாம். போன காசுக்கு அந்த நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும், தருவார்களா என்று என்னால் சொல்ல முடியாது.

மதி, இவர் சொல்வதைக் கவனித்தீர்களா? இவர் ஆப்பை விட்டது நாலு மாதம் முன்பு. ரத்து செய்யப் போவது இன்றைக்கு. ராசு சார், இப்போது ஒரு கேள்வி வந்து ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் எதைத் தொடுவீர்கள்?

ராசு_ராஜபாளையம்

இதென்ன கேள்வி, நாலு மாசக் காசு போயிருக்கிறது. விலை அதிகம் என்றுதான்.

மதி_கோவை

சந்தாக்கணக்கு அக்கா, ரொம்ப நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தேன்.

1,140 பேரில் 331 பேர் பணம் எடுக்க முடியாமல் நின்றவர்கள். 263 பேர் இலவச வாரத்தில் நிறுத்தியவர்கள். காசு கட்டிவிட்டுத் தாங்களாக ரத்து செய்தவர்கள் 546 பேர்தான். பதில் சொன்ன 206 பேரை அதே மாதிரி பிரித்தால் 19, 54, 133.

‘விலை’ என்ற 92 பேரில் காசு கட்டி ரத்து செய்தவர்கள் 53. இந்த 53 பேரின் கடைசி முப்பது நாள் பதிவை எடுத்தேன். 29 பேர் ஆப்பைத் திறக்கவே இல்லை, அல்லது ஒரே ஒரு தடவை திறந்திருக்கிறார்கள். அதில் 11 பேர் வருடச் சந்தாக்காரர்கள், புதுப்பிக்கும் தேதிக்கு முந்தைய நாள் ரத்து செய்திருக்கிறார்கள்.

பணம் எடுக்க முடியாத 331-இல் ஒரு குழப்பம். பணம் செலுத்தும் சேவை தரும் கோப்பில், கணக்கில் பணம் இல்லாததும், யூபிஐ ஆப்பிலேயே போய் அனுமதியை நிறுத்தியதும் ஒரே வரிசையில் வருகிறது.

சந்தாக்கணக்கு

அந்த 11 பேர் ஏன் முந்தைய நாள் என்பது லேசில் விளங்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் போக வேண்டும். ‘நாளை 1,999 ரூபாய் எடுக்கப்படும்’ என்று போனில் வருகிறது. ஆப் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வருகிறது. அந்த நிமிடத்தில் 1,999 யாருக்கும் அதிகமாகத்தான் தெரியும். அதையே 1,499 ஆக்கினாலும் அவர் போயிருப்பார். அவர் உங்களை விட்டது பத்து மாதம் முன்பு.

யூபிஐ ஆப்பில் போய் நிறுத்தியவர்களைத் தனியாக எடுத்துவிடுங்கள். அது தெளிவான ரத்து, உங்கள் ஆப்பைத் தொடாமலே நடந்த ரத்து. அனுமதி நிறுத்தப்பட்டது என்ற தகவல் தனியாக வருகிறதா என்று அந்தச் சேவைக்காரர்களிடம் கேளுங்கள். கணக்கில் பணம் இல்லாமல் நின்றவர்களுக்கு ‘ஏன் போனீர்கள்’ என்று அனுப்பவே கூடாது. அவர்களில் சிலருக்குத் தாங்கள் போனதே தெரியாது. அவர்களுக்கு அனுப்ப வேண்டியது மீண்டும் பணம் கட்டும் இணைப்பு, அதுவும் சம்பள நாளை ஒட்டி.

மூணாவது_மாடி

நானும் இந்த மாதிரி ஒரு ஆப்பை ரத்து செய்தவள் என்பதால் சொல்கிறேன். காலையில் ஐந்தரைக்குத்தான் எனக்கு நேரம். வீடியோவில் குதிக்கச் சொல்வார்கள். நான் குதித்தால் கீழ்வீட்டில் மின்விசிறி ஆடுகிறதாம். இரண்டு தடவை மேலே வந்து சத்தம் போட்டார்கள். மூன்றாவது தடவை அசோசியேஷன் குழுவில் எழுதிவிட்டார்கள். மறுநாளே ரத்து.

காரணம் கேட்டபோது ‘மற்றவை’ தொட்டேன். எழுதச் சொன்ன கட்டத்தில் என்ன எழுதுவது, கீழ்வீட்டு மாமாவைப் பற்றியா? அப்படியே விட்டுவிட்டேன்.

மதி_கோவை

எங்கள் ஆப்பில் ‘குதிக்காத பயிற்சிகள்’ என்று தனியாகத் தேர்ந்தெடுக்கலாமே! உங்கள் ஆப் எது என்று தெரியவில்லை, ஆனால் எங்களிடம் அது முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

மூணாவது_மாடி

எங்கே இருக்கிறது?

மதி_கோவை

முகப்பு, அப்புறம் ‘என் திட்டம்’, அதற்குள் அமைப்புகள், அதற்குள் வடிகட்டி... எழுதும்போதே புரிகிறது.

பிசியோ_நந்தினி

நான் தரவு ஆள் இல்லை, பிசியோதெரபிஸ்ட். ‘நேரமில்லை’ என்ற 48 பேரைச் சரிசெய்ய முடியாதவர்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். என்னிடம் வருகிறவர்களும் பயிற்சியை விட்டதற்கு அதைத்தான் சொல்வார்கள். இரண்டாவது கேள்வி கேட்டால்தான் முட்டி வலி என்று வரும்.

ரொம்ப நாள் கழித்துத் தொடை, கால்களுக்குக் கடுமையாகப் பயிற்சி செய்தால் வலி உடனே வராது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். மாடிப்படி இறங்க முடியாது, கழிவறையில் உட்கார்ந்து எழ முடியாது. இது தசை வலி, தானே போய்விடும். ஆனால் முதல்முறை அனுபவிக்கிறவர் ஏதோ பிசகிவிட்டது என்று பயப்படுவார். இரண்டு நாள் விடுவார், நாலு நாள் ஆகும், அப்புறம் வேலை வந்துவிடும். நேரமில்லை என்று அவர் சொல்வது பொய்யே இல்லை. ஆனால் விட்டது வேறு இடத்தில்.

அந்த 48 பேரும் கடைசியாகப் பார்த்த வீடியோ எது என்று எடுக்க முடியுமா?

மதி_கோவை

நந்தினி மேடம், எடுத்தேன். 48 பேரில் 17 பேருக்குக் கடைசி வீடியோ ஒன்றே: ‘இரண்டாம் வாரம், கால்கள்’, 25 நிமிடம். அந்த 17-இல் பாதிக்கு மேல் பத்தாவது நிமிடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். அதற்கடுத்து யாரும் எதையும் திறக்கவில்லை. அவர்கள் நிறுத்திய இடத்தில்தான் ஒரு காலை முன்னால் வைத்து மடக்கி இறங்கும் லஞ்ச் பயிற்சி தொடங்குகிறது.

பிசியோ_நந்தினி

முதல் வாரத்தில் அதற்குத் தயார்படுத்தும் பயிற்சி ஏதாவது இருக்கிறதா? நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி மடக்குவது மாதிரி? இல்லையென்றால் நேராக லஞ்சுக்குப் போவது பலருக்கு அதிகம். முட்டி சிப்பியைச் சுற்றி வலிக்கிறது என்பவர்களும் அதில் இருப்பார்கள், அவர்களுக்கு மாற்றுப் பயிற்சி வேண்டும். அதோடு அந்த வீடியோ முடிந்த மறுநாள் காலையில் ‘இன்று கால் வலிக்கும், இது இயல்பு, இன்று லேசாக நடந்தால் போதும், வீக்கமோ குத்தும் வலியோ இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்’ என்று ஒரு செய்தி போகட்டும்.

எண்கணிதன்

எல்லாரும் கொஞ்சம் நிதானியுங்கள். 546 பேரில் பதில் சொன்னவர்கள் 133, நாலில் ஒருவர். மற்ற மூன்று பேர் என்ன நினைத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. இதில் 17, 11 என்றெல்லாம் பிரித்துக்கொண்டே போனால் இன்னொரு மூன்று மாதத்தில் அந்த எண்கள் தலைகீழாகலாம். சதவீதம் போட்டு முதலாளிக்குக் காட்டாதீர்கள்.

ஒன்று செய்யலாம். பதில் சொல்லாத 413 பேருக்கும் பயன்பாட்டுப் பதிவு உங்களிடம் இருக்கிறது. அந்தக் கால் வீடியோவில் நின்றவர்கள் அவர்களில் எத்தனை, கடைசி மாதம் திறக்காதவர்கள் எத்தனை என்று பாருங்கள். பதிவில் தெரிவது 546 பேருக்கும் தெரியும். வாயால் சொன்னது 133 பேருக்கு மட்டும்.

எழுதிய பதில்களை யார் பிரிக்கிறார்கள்? ஒருவரே பிரித்தால் அவர் மனதில் இருப்பதுதான் வரும்.

சந்தாக்கணக்கு

எண்கணிதன் சொன்னதுதான் சரி. பிரிப்பதை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்யுங்கள், ஒருவர் மற்றவரைப் பார்க்காமல். முதலில் நாற்பது பதில் போதும். ஒத்துப்போகாத இடங்களை மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு வகைகளுக்கு நடுவில் திரும்பத் திரும்பச் சண்டை வந்தால் அவை ஒரே வகை, அல்லது வகையின் விளக்கம் சரியில்லை.

என்ன வகைகள் என்பதற்கு நான் வைத்திருக்கும் முறை இது. காரணத்தின் பெயரை வகைக்கு வைக்க மாட்டேன். இவர் இருந்திருக்க வேண்டுமானால் நாம் என்ன செய்திருக்க வேண்டும், அதை யார் செய்வார் என்பதுதான் வகை. கீழ்வீட்டு மாமா விஷயத்தைப் பாருங்கள். ‘சத்தம்’ என்று வகை போட்டால் உங்கள் ஆட்கள் புதிதாகக் குதிக்காத வீடியோ எடுக்கப் போய்விடுவார்கள். உண்மையில் வசதி இருக்கிறது, கண்ணில் படவில்லை. முதல் நாள் பதிவு செய்யும்போதே ‘மாடி வீடா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் முடிந்தது. வடிவமைப்பாளருக்கு ஒரு நாள் வேலை. ‘இருக்கிறது, தெரியவில்லை’ என்பதும் ‘இல்லவே இல்லை’ என்பதும் கட்டாயம் தனித்தனி வகைகளாக இருக்க வேண்டும்.

கால் வீடியோ உள்ளடக்கக் குழுவுக்கு. யூபிஐ, சம்பள நாள் எல்லாம் கணக்குப் பிரிவுக்கு. திறக்காமலே பத்து மாதம் இருந்தவர்கள் ஒரு தனி வகை. அவர்களை ரத்து செய்யும் நாளில் பிடிக்க முடியாது, இரண்டாவது வாரம் வராமல் போனபோதே பிடிக்க வேண்டும். கடைசியில் ஒரு வகை, ‘நம்மால் ஆகாது’. அதில் போடுவதற்குக் கஞ்சத்தனம் காட்டுங்கள். ஆனால் காலியாகவும் விடாதீர்கள். பக்கத்தில் ஜிம் திறந்தது, அங்கே நண்பர்களோடு போகிறார் என்றால் வாழ்த்திவிட்டு விடுங்கள்.

வளர்ச்சி_குமார்

அப்படியென்றால் விலை என்ற காரணமே கிடையாதா? எனக்கு நம்பிக்கை இல்லை. 53-இல் 29 போனால் மீதி 24 பேர் நன்றாகப் பயன்படுத்தியவர்கள்தானே? அவர்கள் விலை என்றால் விலைதான்.

மதி_கோவை

குமார் சொல்வது நியாயம். அந்த 24 பேரில் ஏதாவது எழுதியவர்கள் பத்துப் பேர். அதில் நாலு பேர் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறார்கள். “நானும் வீட்டுக்காரரும் செய்கிறோம், இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கட்ட முடியாது.” இன்னொருவர், “அம்மாவுக்கும் சேர்த்து 598 ஆகிறது.” ஒரே கணக்கில் இரண்டு பேர் செய்தால் திட்டம் குழம்பிவிடுகிறது, அதனால் இரண்டு சந்தா வாங்கி, பிறகு இரண்டையும் விட்டிருக்கிறார்கள். மற்ற ஐந்து பேரும் 299 முடியவில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

சந்தாக்கணக்கு

நாலு பேரை வைத்துக் குடும்பச் சந்தா தொடங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அது 199-ஐ விட நல்ல கேள்வி. 199 ஆக்கினால் இப்போது சந்தோஷமாக 299 கட்டுகிறவர்களும் நூறு ரூபாய் குறைவாகத்தான் கட்டுவார்கள். அதே வருமானம் வர உறுப்பினர் ஒன்றரை மடங்காக வேண்டும். அதை மட்டும் முதலாளியிடம் சொல்லுங்கள்.

குமார், விலை காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பயன்படுத்திக்கொண்டே விலை என்று சொல்பவர்களை மட்டும் அந்த வகையில் வையுங்கள் என்கிறேன்.

பிசியோ_நந்தினி

‘நம்மால் ஆகாது’ வகையில் கர்ப்பிணிகளையும் அடிபட்டவர்களையும் போட்டுவிடாதீர்கள். சில மாதம் கழித்துத் திரும்பி வரக்கூடியவர்கள் அவர்கள்தான்.

எண்கணிதன்

திரும்பி வருவார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? அதோடு கர்ப்பம், அறுவைச் சிகிச்சை என்று மக்கள் எழுதுவதைப் பெயரோடு ஒரு அட்டவணையில் போட்டு எல்லாருக்கும் அனுப்புவது சரியில்லை.

பிசியோ_நந்தினி

பெயரை நீக்கிவிட்டு அனுப்பட்டும். ஆதாரம் என்றால், பழைய உறுப்பினர்கள் எத்தனை பேர் ஒரு வருடத்துக்குள் மறுபடி சேர்ந்தார்கள் என்பது மதியிடம்தான் இருக்கும். ரத்து செய்வதற்குப் பதிலாக இடைநிறுத்தம் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

சந்தாக்கணக்கு

பிளே ஸ்டோரில் அதற்கு வசதி இருக்கிறது, மாதச் சந்தா என்றால் மூன்று மாதம் வரை நிறுத்திவைக்கலாம். பிரசவத்துக்கு மூன்று மாதம் எந்த மூலைக்கு? எனக்கே இதில் முடிவு இல்லை. இடைநிறுத்தம் கொடுத்துப் பார்த்த இடத்தில், அடிபட்டவர்களை விட, ரத்து செய்யச் சங்கடப்பட்டவர்கள்தான் அதை அதிகம் எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துக் காசு போனதும் திட்டிக்கொண்டே ரத்து செய்தார்கள்.

மதி_கோவை

பதில் சொல்லாத 413 பேரையும் பார்த்துவிட்டேன். கடைசி மாதம் ஆப்பைத் திறக்காதவர்கள் அங்கே இன்னும் அதிகம், மூன்றில் இரண்டு பங்கு. கால் வீடியோவில் நின்றவர்கள் 58 பேர்.

முதலாளி விலைக் குறைப்பைத் தள்ளிவைத்திருக்கிறார், கைவிடவில்லை. கால் வீடியோவைப் புதிதாகச் சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் மாற்றி, மூன்றாம் வாரத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்கப் போகிறோம். மாடி வீடா என்ற கேள்வி அடுத்த வெளியீட்டில் வருகிறது.

கேள்வியையும் மாற்றினேன். பட்டியலுக்கு முன்னால் ஒரு கட்டம்: “ரத்து செய்யலாம் என்று எப்போது தோன்றியது? அன்று என்ன நடந்தது?” அதற்கு அப்புறம்தான் விடைகள், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வரிசையில். அக்கா, ‘மற்றவை’ என்பதை எடுத்துவிடலாமா?

சந்தாக்கணக்கு

எடுக்காதீர்கள். எடுத்தால் அதைத் தொட்டிருக்க வேண்டியவர்கள் ‘விலை’க்குப் போய்விடுவார்கள். ‘மற்றவை’ நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் பட்டியலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், அப்போது எழுதியவற்றைப் படித்துப் புதிதாக ஒரு விடை சேருங்கள்.